தம்பிக்கு இருமல், வாந்தி, காய்ச்சல், வேப் பண்றான்: என்ன பண்ணலாம்?

கேள்வி: என் தம்பி காட்பாடி பக்கம் ஹாஸ்டல்ல தங்கி படிக்கறான். நாலு நாளா வாந்தி, காய்ச்சல், வறட்டு இருமல். பேக்ல வேப்னு சொல்ற இ-சிகரெட் பார்த்தேன். அதனால நுரையீரல் கெடுமா? எந்த டாக்டர்கிட்ட காட்டறது?

மொதல்ல ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி அவன் விரல்ல மாட்டுங்க, கொரோனா சமயத்துல வாங்கினது வீட்டுலயே இருக்கும். சும்மா உக்காந்திருக்கும்போதே 95க்கு கீழ காட்டினா, இல்ல பேசும்போது மூச்சு வாங்கினா, இதுக்கு மேல படிக்காதீங்க, இப்பவே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. 95க்கு மேல இருந்தாலும் நாளைக்குள்ள நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நான் வேலூர்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல சிடி டெக்னீஷியன், 11 வருஷமா இதே வேலை. டாக்டர் இல்ல. ஆனா நீங்க எழுதினத படிச்சதும் எங்க மெஷின்ல படுத்த ஒரு பையன் அப்படியே கண்ணு முன்னாடி வந்துட்டான், அதான் எழுதறேன். அவன் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன்.

குடியாத்தம் பக்கத்து பையன், 20 வயசு, ஏப்ரல் மாசம். மொதல் ரெண்டு நாள் வெறும் வாந்தியும் வயித்து வலியும் தான், ஹாஸ்டல் மெஸ் சாப்பாடு ஒத்துக்கலன்னு எல்லாரும் நினைச்சாங்க, வேலூர் வெயில் வேற, ஒரு கிளினிக்ல ஓஆர்எஸ்ஸும் மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டாங்க. அப்புறம் காய்ச்சல், வறட்டு இருமல். டைபாய்டு டெஸ்ட் எடுத்தாங்க, இல்ல. எக்ஸ்ரேல பெருசா ஒண்ணும் தெரியல, ஆன்டிபயாடிக் எழுதினாங்க. ஆறாவது நாள் மாடிப்படி ஏற முடியாம நடுவுலயே உக்காந்துட்டான், ஆக்சிஜன் பார்த்தா 88. அப்புறம் தான் சிடிக்கு அனுப்பினாங்க. நுரையீரல் வியாதில வயிறு ஏன் கெடுதுன்னு கேக்கலாம், ஆனா இதுல அது ரொம்ப சகஜம், 2019ல அமெரிக்காவுல இது அலை மாதிரி வந்தப்போ முக்கால்வாசி பேருக்கு வாந்தியோ வயித்து வலியோ பேதியோ இருந்துச்சு. வேப்னால வர்ற இந்த நுரையீரல் பாதிப்புக்கு எவாலின்னு பேரு வெச்சதும் அப்போ தான்.

ஸ்கேன் எடுக்கும்போது மூச்ச இழுத்து நிறுத்துப்பான்னு சொல்லுவோம், பத்து செகண்டு கூட ஆகாது. அவனால மூணு செகண்டு நிறுத்த முடியல, இருமிட்டான். மூணாவது தடவை தான் படம் ஆடாம வந்துச்சு.

சிடில நல்ல நுரையீரல் கருப்பா இருக்கும், காத்து தானே. இவனுக்கு ரெண்டு பக்கமும், அதிலயும் கீழ் பாகத்துல, சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு. பாத்ரூம் ஜன்னல்ல போடற மங்கல் கண்ணாடி இருக்கில்ல, வெளிச்சம் வரும் ஆனா தெளிவா தெரியாது, அது மாதிரி. ரத்தக் குழாய் அந்த சாம்பலுக்குள்ள மங்கலா தெரியும். காத்துப் பைக்குள்ள பாதி இடத்த நீரும் வீக்கமும் பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம், இத தான் கிரவுண்ட் கிளாஸ்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க. 2020, 21ல கொரோனா படம் பார்த்துப் பார்த்து எனக்கு கண்ணே பூத்துப் போச்சு, அதுல சாம்பல் திட்டு பெரும்பாலும் நுரையீரலோட வெளி ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். இவனுக்கு நேர் எதிரா, விலா எலும்ப ஒட்டி ஒரு மெல்லிசு கருப்பு கோடு சுத்தமா விட்டுப் போயிருந்துச்சு, கோலத்துக்கு பார்டர் விட்ட மாதிரி. எல்லா எவாலி கேஸ்லயும் இந்த ஓரம் தெரியாது, தெரிஞ்சாலும் அத மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா அத பார்த்து தான் எங்க ரேடியாலஜிஸ்ட் மேடத்துக்கு சந்தேகம் வந்துச்சு.

வெளிய வந்து அப்பாகிட்ட கேட்டாங்க, பையன் புகை பிடிப்பானான்னு. "இன்னா மேடம், அவன் பீடி கூட தொட்டதில்ல"ன்னாரு, பாவம், நிஜமாவே தெரியாது அவருக்கு. மேடம் அவர பில் கட்ட அனுப்பிட்டு பையன்கிட்ட தனியா, "வேப் பண்றியாப்பா? எனக்கு மருந்து குடுக்கறதுக்காக தான் தெரியணும், போலீசுக்கும் சொல்ல மாட்டேன், காலேஜுக்கும் சொல்ல மாட்டேன்"னாங்க. தலைய ஆட்டினான். ஒரு வருஷமா நிகோடின் வேப், கடைசி ஒரு மாசமா பிரெண்டு பெங்களூர்ல இருந்து கொண்டாந்த கஞ்சா ஆயில் கார்ட்ரிட்ஜ். ஆறு நாளா அவன்கிட்ட இந்த ஒரு கேள்விய யாரும் கேக்கல, அவனா சொல்லவும் பயம்.

அந்த ஆயில் தான் முக்கியமான சமாச்சாரம். அமெரிக்கா கேஸ்ல 51 பேரோட நுரையீரல கழுவி எடுத்த நீர்ல சோதிச்சப்போ 48 பேருக்கு வைட்டமின் ஈ அசிடேட் இருந்துச்சு, கஞ்சா ஆயில்ல கலப்படமா சேக்கற கொழகொழன்னு ஒரு எண்ணெய். தோல்ல தடவலாம், முழுங்கினாலும் ஒண்ணும் ஆகாது, சூடாக்கி ஆவியா உள்ள இழுத்தா தான் வினை. அதுக்காக நிகோடின் மட்டும்னா பரவால்லன்னு உங்க தம்பி சொன்னா ஒத்துக்காதீங்க, நிகோடின் மட்டும் தான் இழுத்தேன்னு சொன்னவங்களும் அந்த கேஸ்கள்ல இருந்தாங்க. நம்ம நாட்டுல 2019லயே இ-சிகரெட் விக்கறதுக்கு தடை, அதனால இப்போ கிடைக்கறது எல்லாம் திருட்டுத்தனமா வர்றது, உள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது.

எவாலிக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் கிடையாது. 90 நாளுக்குள்ள வேப் பண்ணியிருக்கணும், ரெண்டு நுரையீரல்லயும் படத்துல மாற்றம் இருக்கணும், கிருமி எதுவும் இல்லன்னு ஆகணும், வேற காரணமும் இருக்கக்கூடாது. அதனால அந்த பையனுக்கும் கொரோனா, ப்ளூ, சளியில டிபி எல்லாம் பார்த்தாங்க. டிபி பார்க்கறது நம்ம ஊருல ரொம்ப ரொம்ப முக்கியம், ஏன்னா இதுக்கு குடுக்கற மருந்து ஸ்டீராய்டு, டிபி இருக்கறவனுக்கு அது தெரியாம ஸ்டீராய்டு மட்டும் போனா வியாதி பரவிடும். யாராவது மெடிக்கல்ல சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி குடுத்தா தயவு செஞ்சு குடுக்காதீங்க. அவனுக்கு ஆக்சிஜன் வெச்சாங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஆன்டிபயாடிக்கும் போச்சு, ஸ்டீராய்டு ஊசி போட்டு நாலாவது நாள் மூக்குல இருந்த ஆக்சிஜன எடுத்துட்டாங்க. அனுப்பும்போது மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், நீயா நிறுத்தாதன்னு சொல்லி ரெண்டே நாள்ல திரும்ப வரச் சொன்னாங்க, வீட்டுக்கு போன சில நாள்லயே மறுபடி மோசமாகறவங்க உண்டு.

வேப் பத்தி நெஞ்சு டாக்டர் அவன்கிட்ட சொன்னது இது தான்: குறைக்கறதுன்னு பேச்சே வேண்டாம், முழுசா நிறுத்து, அதுக்கு பதிலா சிகரெட்டுக்கும் தாவாத. கை நடுங்குது, எரிச்சலா வருதுன்னா நிகோடின் கம் எழுதித் தரேன். 1800-11-2356ங்கற இலவச நம்பருக்கு போன் பண்ணா பேசி உதவுவாங்க. ஒரு மாசம் கழிச்சு நுரையீரல் ஊதற டெஸ்ட்டுக்கு வா.

நீங்க பண்ண வேண்டியது, அந்த வேப்ப கோவத்துல தூக்கிப் போடாதீங்க, கார்ட்ரிட்ஜோட ஒரு கவர்ல போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. எப்போ கடைசியா இழுத்தான், நிகோடினா ஆயிலா, யார்கிட்ட வாங்கினான்னு திட்டாம கேளுங்க. எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு சொன்னாலும் மூச்சு வாங்கினா சிடி தேவையான்னு கேளுங்க, ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாம போகலாம். ஓபில உள்ள போனதும் வாந்தி, காய்ச்சல்னு ஆரம்பிக்காம "வேப் பண்றான் டாக்டர்"ங்கறத மொத வார்த்தையா சொல்லுங்க. அப்பா அம்மா கூட வந்தா அவன் வாய தொறக்க மாட்டான், அவங்கள வெளிய உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் கூட போங்க. ஆக்சிமீட்டர்ல எவ்ளோ காட்டுதுன்னு இங்க கீழ போடுங்க, நைட் டியூட்டி தான், பார்த்துட்டே இருப்பேன்.