ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அக்யூட்' என்றால் 'கடுமை' அல்ல

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. போன வாரம் வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. பாலக்காட்டில் சி.டி. எடுத்தோம். ரிப்போர்ட்டின் முடிவில் 'நோ அக்யூட் இன்ட்ராகிரேனியல் அப்நார்மாலிட்டி' என்று இருக்கிறது. டாக்டரும் "குழப்பமில்லா" என்றார். ஆனால் அதற்கு மேலே 'க்ரானிக் ஸ்மால் வெஸ்ஸல் இஸ்கீமிக் சேஞ்சஸ்', 'அட்ரோஃபி' என்று போட்டிருக்கிறார்கள். கடுமையாக இல்லை, லேசாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தமா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: அப்படி இல்லை. 'அக்யூட்' என்பதைப் பலரும் 'கடுமையான' என்று படித்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் அது காலத்தைக் குறிக்கும் சொல். அக்யூட் என்றால் புதிதாக, இப்போது ஏற்பட்டது. க்ரானிக் என்றால் நாள்பட்டது. ஆகவே அந்த வரியைத் தமிழில் இப்படிப் படியுங்கள்: 'மண்டைக்குள் புதிதாக ரத்தக்கசிவோ வீக்கமோ எதுவும் இந்தப் படத்தில் தெரியவில்லை.' புது ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். அது இல்லை என்பதைத்தான் டாக்டர் மலையாளத்தில் சொல்லியிருக்கிறார். அங்கே 'குழப்பமில்லா' என்றால் 'பிரச்சினை இல்லை'.

மேலே உள்ள இரண்டும் பழைய சங்கதிகள். வயது, பி.பி., சுகர் இவற்றால் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கிய அடையாளம் ஒன்று. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்குவது மற்றொன்று. விழுந்ததால் வந்தவை அல்ல. பி.பி., சுகரை மட்டும் கட்டுக்குள் வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். படம் எடுத்த அந்த நேரத்துக்கு மட்டும்தான் அந்த வரி பொறுப்பு. சுருங்கிய மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். அடிபட்டதில் ஒன்று லேசாகக் கிழிந்திருந்தால் ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரம் கழித்துக்கூட அழுத்தம் கொடுக்கும். நாளுக்கு நாள் தலைவலி கூடினாலோ, பகலில் தூங்கித் தூங்கி விழுந்தாலோ, ஒரு காலை இழுத்து நடந்தாலோ, பேச்சு மாறினாலோ, பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். அன்றே மறுபடி சி.டி. எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 36 வயது. இடது மார்பில் சின்ன உருண்டை தட்டுப்படுகிறது. அல்ட்ராசவுண்டில் 12 x 7 மி.மீ., 'ப்ராபப்ளி பினைன், லைக்லி ஃபைப்ரோஅடினோமா, பைரேட்ஸ் 3' என்று வந்தது. டாக்டரம்மா "ஆறு நெலல தர்வாத ரண்டி" என்று தெலுங்கில் சொல்லி, ஆறு மாதம் கழித்து வரும்படி அனுப்பிவிட்டார். 'ப்ராபப்ளி' என்றால் பாதிக்குப் பாதியா? (நகரி)

பதில்: பாதிக்குப் பாதி இல்லவே இல்லை. பேச்சில் 'ப்ராபப்ளி' என்றால் 'இருக்கலாம்' என்று தோன்றும். மார்பக ஸ்கேனில் அதற்கு எண்ணால் வரையறை உண்டு. பைரேட்ஸ் 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 100-க்கு 2-க்கு மேல் இல்லை. 'பினைன்' என்றால் பரவாத, சாதாரணக் கட்டி. ஃபைப்ரோஅடினோமா இளவயதுப் பெண்களுக்கு அடிக்கடி வருவது.

டாக்டர் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்பது ரிப்போர்ட்டிலேயே இருக்கும். 'ஓவல்', 'சர்க்கம்ஸ்க்ரைப்ட்', 'பேரலல்' என்ற சொற்களைத் தேடுங்கள். முட்டை வடிவம், தெளிவான ஓரம், தோலுக்கு இணையாகப் படுத்த கிடை. உங்கள் கட்டி 12 அகலம், 7 உயரம்; படுத்துத்தான் இருக்கிறது. ஓரம் முள் முள்ளாகவோ, உயரம் அகலத்தை மிஞ்சியோ இருந்தால் பைரேட்ஸ் 4 அல்லது 5 போட்டு ஊசியால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

பொதுவாக 6, 12, 24 மாதங்களில் மறுபடி பார்ப்பார்கள். அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், அதாவது உங்கள் 12 மி.மீ. ஆறு மாதத்தில் 15 ஆனால், ஊசிப் பரிசோதனை தேவைப்படும். 13 ஆனால் பதற வேண்டாம். அளப்பவர் கை மாறினாலே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அதனால்தான் அதே சென்டருக்குப் போவது நல்லது. திருப்பதிக்கோ சென்னைக்கோ மாறினால் பழைய படங்களையும் சேர்த்து எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தாலும், நீங்கள் குழந்தைக்குத் திட்டமிட்டாலும், ஆறு மாதம் கழித்து வர முடியாத நிலை இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் காத்திருக்காமல் ஊசி போட்டுப் பார்ப்பதும் உண்டு. இடையில் கட்டி வளர்ந்தாலோ, தோல் உள்ளிழுத்தாலோ, காம்பில் ரத்தம் வந்தாலோ ஆறு மாதக் கணக்கு செல்லாது.

கேள்வி: எக்ஸ்ரேயில் 'க்ளினிக்கல் கோரிலேஷன் அட்வைஸ்ட்' என்று எழுதினால் நோய் என்னவென்றே தெரியவில்லை என்று அர்த்தமா? (குமுளி)

பதில்: 'ஆளைப் பரிசோதித்துப் பார்த்து இதோடு ஒப்பிடவும்' என்று உங்கள் டாக்டருக்கு எழுதிய குறிப்பு அது. நுரையீரல் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று வையுங்கள். காய்ச்சலும் சளியும் இருப்பவருக்கு அது நிமோனியாவாக இருக்கலாம். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு பழைய தழும்பாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் பார்ப்பவருக்குக் காய்ச்சல் தெரியாது. எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் 'எத்தனை நாள் இருமல், முன்பு டி.பி. இருந்ததா' என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். பல சமயம் இந்த வாக்கியத்துக்கே வேலை இருக்காது.