படத்தில் இல்லாததை வர்ணனையில் சொல்லலாமா? வாசகர் கேள்விகள்

மக்கள் மூட்டைகளோடு சாலையில் நடந்துபோகும் 14 நொடிக் காட்சி ஒன்றைப் பழைய ஆவணப்படத்திலிருந்து எடுத்திருக்கிறேன். அதில் இருந்த வர்ணனை: "போருக்கு அஞ்சி வீடுகளைவிட்டு ஓடும் அகதிகள்." அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முதலில் ஒலியை அணைத்துவிட்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். கண்ணில் பட்டதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய துண்டைப் பார்த்து நான் எழுதியது இவ்வளவுதான்: ஆண்கள், பெண்கள், மூட்டைகள், ஒரு கைவண்டி. ஒன்பதாவது நொடியில் ஒரு பையன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

இப்போது பழைய வரியை ஒவ்வொரு சொல்லாக அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். 'போர்' படத்தில் இல்லை. 'அஞ்சி' இல்லை. 'ஓடும்' என்பது தவறு, எல்லோரும் நடக்கிறார்கள். எனக்கு அதிகம் உறுத்துவது 'வீடுகளைவிட்டு' என்ற சொல். அவர்கள் வீட்டைவிட்டுப் போகிறார்களா, வீட்டுக்குத் திரும்புகிறார்களா என்று அந்தக் காட்சியை வைத்துச் சொல்லவே முடியாது. படம்பிடித்தவர் அன்றே எழுதிய ஷாட் குறிப்பு கிடைத்து, அதில் இடமும் தேதியும் இருந்தால் அந்த அளவுக்குச் சேர்க்கலாம். பிற்காலத்தில் நூலகத்தில் எழுதிய அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். பல நேரம் அது பழைய வர்ணனையைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கும்.

சரி, என்ன எழுதலாம்? "மூட்டைகளோடு ஒரு சாலையில் நடக்கிறார்கள். எங்கிருந்து, எங்கே என்று பதிவில் இல்லை." இவ்வளவு போதும். அந்த ஆண்டு எத்தனை பேர் வீடிழந்தார்கள் என்ற தகவலும் வேண்டுமென்றால் அதை இந்தக் காட்சிக்கு முன்பே, வேறு படத்தின் மேல் சொல்லி முடித்துவிடுங்கள். பிறகு இரண்டு நொடி மௌனம் விடுங்கள். தமிழில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள். இந்தக் காட்சி ஓடும்போது "எல்லாவற்றையும் இழந்தார்கள்" என்று குரல் வந்தால், யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். திரையில் தெரிகிறவர்களே எழுவாய் ஆகிவிடுவார்கள், சிரிக்கும் அந்தப் பையன் உட்பட. 'இந்த', 'இதோ', 'இப்படித்தான்' மூன்றும் அதே வேலையைச் செய்பவை. வர்ணனையில் தேடிப் பிடித்து நீக்குங்கள்.

ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரியும் காட்சிக்கு "வால் பகுதியில் முதல் தீ எழுகிறது" என்று எழுதி, பின்னணியில் வானொலி நிருபரின் அழுகுரலைச் சேர்த்திருக்கிறேன். சரிதானே?

இரண்டு திருத்தங்கள். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் செய்திப்படக் கேமராக்கள் பல இருந்தும், தீ தொடங்கிய கணம் எதிலும் பதிவாகவில்லை. நாம் பார்ப்பதெல்லாம் தீ பற்றிய பிறகு எடுத்தவை. ஆகவே "முதல் தீ" என்று சொல்ல உங்களிடம் படம் இல்லை. "கேமரா பதிவு செய்யும்போது கப்பல் ஏற்கெனவே எரிகிறது" என்று மாற்றுங்கள். எனக்கு இந்த வரி பழையதைவிட நன்றாகவே இருக்கிறது.

அடுத்தது குரல். அந்த நிருபர் ஹெர்பர்ட் மாரிசன் பேசியது தனியாக இசைத்தட்டில் பதிவானது, நேரலையாகப் போனதில்லை. படத்தையும் அந்தக் குரலையும் பிற்காலத்தில்தான் இணைத்தார்கள். சேர்ப்பதில் தவறில்லை. "அன்று அங்கே தனியாகப் பதிவான குரல்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் சேர்த்தால், அவர் ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த ஃபிரேமைப் பார்த்துத்தான் சொன்னார் என்ற எண்ணம் வராது.

1917 ரஷ்யப் புரட்சியில் குளிர்கால அரண்மனையைக் கூட்டம் தாக்கும் காட்சியில் என்ன எழுதுவது?

அடிக்கடி மறுபயன்பாட்டுக்கு வரும் அந்தக் கூட்டக் காட்சிகள் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் தன் 'அக்டோபர்' படத்துக்காகச் சுமார் பத்தாண்டுகள் கழித்து நடிக்கவைத்து எடுத்தவை. அதை முதல் ஷாட்டிலேயே சொல்லுங்கள். கடைசியில் ஓடும் எழுத்துகளில் போட்டால் அதை யார் படிப்பார்கள்?

இப்படியே தயங்கித் தயங்கி எழுதினால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார் என்கிறார் என் இயக்குநர்.

அவர் சொல்வதும் நியாயம்தான். வரிக்கு வரி 'இருக்கலாம்', 'போலும்', 'என்று கருதப்படுகிறது' என்று போட்டால் எனக்கே தூக்கம் வரும். அதற்கு மருந்து வரியைக் குறைப்பதுதான். "ஆவேசமடைந்த தொழிலாளர்கள் ஆலையை முற்றுகையிட்டதாகக் கருதப்படுகிறது" என்பதை "ஆலை வாசலில் கூட்டம். கதவு மூடியிருக்கிறது" என்று மாற்றிப் பாருங்கள். தயக்கமும் இல்லை, பொய்யும் இல்லை, பாதி நேரம் மிச்சம். அந்த மிச்சத்தில் பேசாமல் இருங்கள். பார்ப்பவர் அந்த முகங்களைப் பார்க்கட்டும்.

ஃபிலிமின் ஓரத்தில் கோடாக்கின் சிறு வட்டம், முக்கோணக் குறிகள் இருக்கின்றன. அதை வைத்து ஆண்டு போடலாமா?

படம் எடுத்த ஆண்டாகப் போட முடியாது. அந்தக் குறி ஃபிலிம் தயாரான ஆண்டைத்தான் சொல்லும். அதுவும் ஒரே குறி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். உடை, வாகனம் போன்ற வேறு தடயத்தால் எந்தச் சுற்று என்று உறுதியானால், "இந்த ஆண்டுக்கு முன் எடுத்ததல்ல" என்று மட்டும் எழுதலாம். உங்கள் கையில் இருப்பது நகலென்றால் மூலச்சுருளின் குறியும் நகலின் குறியும் இரண்டுமே ஓரத்தில் தெரியக்கூடும். எது எதனுடையது என்று பிரித்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.