ஓலைப்பெட்டியில் கூமுட்டை எது?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். சந்தையில் நாட்டுக்கோழி முட்டை பத்து வாங்கினால் இரண்டு மூன்று கெட்டுப்போயிருக்கிறது. வீட்டில் உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் எல்லாமே மிதக்கிறது. வாங்கும்போதே நல்லதாகப் பார்த்து எடுப்பது எப்படி?

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். ஆனால் சந்தையில் முட்டை பொறுக்குவதில் எனக்கு ஆசிரியர் என் அம்மாதான். போன மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு முட்டை வாங்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அன்று நடந்ததைச் சொன்னாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஓர் அக்கா ஓலைப்பெட்டியில் உமி பரப்பி, இருபத்தைந்து முட்டை வைத்திருந்தார். பிள்ளை உடனே கையை நீட்டினாள். அம்மா தடுத்துவிட்டு, "எத்தனை கோழிம்மா இடுது?" என்று அந்த அக்காவிடம் கேட்டார். மூன்று என்றார்.

"கணக்குப் போடு தாயி. நாட்டுக்கோழி தினமும் இடாது. ஒருநாள் விட்டு ஒருநாள்னு வையி. மூணு கோழிக்கு இருபத்தஞ்சு சேர எத்தனை நாளாகும்?"

பிள்ளை விரல் விட்டு எண்ணிவிட்டு, "பதினாறு, பதினேழு நாள், அப்பத்தா" என்றாள்.

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை. நம் கடற்கரை வெயிலில், வெளியில் வைத்த முட்டை வேகமாகப் பழசாகும். ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேற, அந்த இடத்தில் காற்று சேரும். நாட்டுக்கோழி முட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேவலோடு திரியும் கோழி இட்டதென்றால் அதில் கரு இருக்கும். சூட்டிலோ, அடைக்கோழிக்கு அடியிலோ கிடந்தால் அந்தக் கரு வளரத் தொடங்கி, பாதியில் செத்துப்போகும். கூமுட்டை பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. பண்ணை முட்டையில் சேவல் சேர்க்கை இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை.

அம்மா பெட்டியை ஒதுக்கிவிடவில்லை. "நேத்து முந்தாநாள் இட்டது எதுன்னு நீங்களே எடுத்துக் குடுங்கம்மா" என்றார். அந்த அக்கா ஆறு எடுத்துத் தந்தார். அப்புறம் அம்மா பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தடவச் சொன்னார். புது முட்டையின் ஓடு மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஒன்று மட்டும் வழவழவென்று மின்னியது. "இது கோழி வயித்துக்கடியில உரசிக் கெடந்தது. இல்லாட்டிக் கழுவி வச்சது. வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார். கழுவினாலும் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும், சீக்கிரம் கெடும்.

அடுத்தது வெயில் சோதனை. கையைக் குழல் மாதிரி மடக்கி, முட்டையின் அகன்ற பக்கத்தை மேலே வைத்து, சூரிய வெளிச்சம் முட்டையின் பின்னாலிருந்து வரும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். நேராகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. வீட்டில் டார்ச் போதும். மேலே காற்றறை சிறிதாக, மற்ற இடமெல்லாம் தெளிவாக இருந்தால் புதுசு. சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் நான்கைந்து நாள் அடையில் இருந்தது. உள்ளே கருத்துக் கலங்கியிருந்தால் எடுக்கவே வேண்டாம். காதருகே மெதுவாக ஆட்டும்போது தளதளவென்று சத்தம் வந்தாலும் விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையில் இன்னொன்று போனது. மீதி நான்கு.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை, "உப்புத் தண்ணியில போட்டுப் பாப்போமா அப்பத்தா?" என்று கேட்டாள். அம்மா சொன்னார்: "உப்பளத் தண்ணியில போட்டா இன்னைக்கு இட்டதும் மெதக்கும் தாயி. குடிக்கிற தண்ணியில போடு."

உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். உப்புக் கரைந்த தண்ணீர் கனமாகி முட்டையைத் தூக்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 150 கிராம் உப்புக் கரைத்தால் புத்தம் புது முட்டையே மிதக்கும். கடல் தண்ணீரில் அவ்வளவு உப்பு இல்லை என்றாலும் முட்டையை நிஜத்தைவிடப் பழசாகக் காட்டும். உப்பில்லாத நல்ல தண்ணீரில், படுத்துக் கிடந்தால் புதுசு. செங்குத்தாக நின்றால் பழசு, உடனே சமைத்துவிட வேண்டும். மிதந்தால் வேண்டாம். ஆனால் இது வயதை மட்டுமே சொல்லும். கிருமி இருக்கிறதா என்று காட்டாது. எனவே படுத்த முட்டையையும் மஞ்சள் கரு இறுகும்வரை வேகவையுங்கள்.

எங்கள் நான்கில் மூன்று படுத்தன, ஒன்று நின்றது. நின்றதைத் தனிக் கிண்ணத்தில் உடைத்தோம். வெள்ளைக்கரு தண்ணீராக ஓடியது, மஞ்சள் தட்டையாகப் பரவியது, வாடை இல்லை. வெங்காயம் போட்டு நன்றாகப் பொடிமாஸ் செய்துவிட்டோம். வாடை இருந்திருந்தால் அந்தக் கிண்ணத்தோடு போயிருக்கும். அதனால்தான் முட்டையை ஒருபோதும் நேராகச் சட்டியில் உடைக்க அம்மா விடுவதில்லை.