பேருந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறது?

"நிற்காமல் ஓடினால் மணிக்கு 54 கி.மீ., நின்று நின்று போனால் 45 கி.மீ. எனக்கு 12 நிமிடம் வருகிறது, விடைத்தாளில் 10. எங்கே தப்பு?"

10 தான் சரி. குறைந்த 9 கி.மீ.யை நீங்கள் 45ஆல் வகுத்திருக்கிறீர்கள், 54ஆல் வகுக்க வேண்டும்.

காரணம் இதுதான். ஒரு மணி நேரத்தில் பேருந்து 45 கி.மீ. தான் கடக்கிறது, ஆனால் சக்கரம் உருளும்போதெல்லாம் அதன் வேகம் 54 தான், 45 என்ற வேகத்தில் அது ஓடுவதே இல்லை, அது நின்ற நேரத்தையும் சேர்த்து வந்த சராசரி. அதனால் விட்டுப்போன 9 கி.மீ.யை ஓடியிருந்தால் 54 வேகத்தில்தான் ஓடியிருக்கும்:

9 ÷ 54 × 60 = 10 நிமிடம்

சரிபார்க்க, மீதி 50 நிமிடத்தில் 54 வேகத்தில் எவ்வளவு போகும் என்று பாருங்கள். சரியாக 45 கி.மீ. அப்புறம் உங்கள் 12ஐ வைத்துப் பாருங்கள், 48 நிமிடத்தில் 43.2 கி.மீ. தான் வரும், ஒத்துப்போகாது.

ஆனால் உங்கள் 12 அர்த்தமில்லாத எண் அல்ல. 54 கி.மீ. போக ஓட்டம் மட்டும் 60 நிமிடம், நிறுத்தங்களோடு 72 நிமிடம். அதாவது ஒரு மணி நேர *ஓட்டத்துக்கு* 12 நிமிடம் நிற்கிறது. கேள்வி அப்படிக் கேட்டிருந்தால் 12 தான் விடை, அதனால் அந்த ஒரு வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

நிஜப் பேருந்தில் பிரேக் போட்டு மறுபடி வேகம் பிடிக்கும் நேரமும் இந்த 10க்குள் சேர்ந்துவிடும், எனவே கதவு திறந்திருக்கும் நேரம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.