சங்கு எந்த இடத்தில் ஊதப்படவில்லை என்று பாருங்கள்

கேள்வி: 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலில் வரும் சங்கைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். 'சங்கு என்றால் ஜனநாயகம்' என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்படி விரித்து எழுதுவது?

காரைக்குடியில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களுக்கும் நோட்ஸ் புத்தகத்திலிருந்துதான் அந்த ஒற்றை வரி கிடைத்திருக்கும். அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது முடிவு மட்டுமே, அங்கே போய்ச் சேர்ந்த வழி அதில் இல்லை. கட்டுரை கேட்பது அந்த வழியைத்தான்.

என்னிடம் படித்த ஒரு பெண், எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சங்கு ஊதுவார்கள் என்று தன் கட்டுரையைத் தொடங்கியிருந்தாள். அழகான தொடக்கம்தான் என்றாலும், அந்தப் பொருள் ஊரிலிருந்து வந்ததே தவிர 1954இல் கோல்டிங் எழுதிய நாவலிலிருந்து வந்ததல்ல என்று சொல்லி, சங்கு வரும் ஒவ்வொரு பக்கத்திலும் அது யார் கையில் இருக்கிறது, யார் அதற்குக் கட்டுப்படுகிறார்கள், முன்பு வந்ததற்கு இப்போது என்ன மாறியிருக்கிறது என்று குறித்துவரச் சொன்னேன்.

முதல் அத்தியாயத்தில் அது நீரில் கிடந்த வெறும் சிப்பி. ரால்ஃப் ஊதியதும், பெரியவர்கள் யாரும் இல்லாத தீவில் சிக்கிச் சிதறிக் கிடந்த பையன்கள் கூடுகிறார்கள். இரண்டாவதில், அதைக் கையில் வைத்திருப்பவனே பேசலாம் என்ற விதி பிறக்கிறது. அதே அத்தியாயத்திலேயே, மலை உச்சியில் சங்கு செல்லாது என்று வேட்டைக்காரப் பையன்களின் தலைவன் ஜாக் சொல்லிவிடுகிறான். விதி பிறந்தபோதே அதற்கு எல்லை போடப்பட்டதை அவள் எடுத்துக்காட்டியபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் இடம் ஐந்தாம் அத்தியாயம். கூட்டம் கலைந்து ஓடுகிறது, சங்கை ஊதச் சொல்லி ரால்ஃபின் நண்பன் பிக்கி கெஞ்சுகிறான், ரால்ஃப் மறுக்கிறான்; ஊதியும் அவர்கள் திரும்பி வராவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அஞ்சுகிறான். அதிகாரம் சங்கில் இல்லை, கேட்பவர்களின் சம்மதத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த ஊதாத சங்கு சொல்லுமளவுக்கு எந்த முழக்கமும் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையின் நடுப்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். சங்கின் நிறம் வெளுத்துக்கொண்டே வருவதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து ஒரு பத்தி கட்டினால் அது நிற்காது.

இத்தனையும் எழுதிய அவளுக்கு, ஒற்றை வரியை மனப்பாடம் செய்தவர்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணே பள்ளியில் கிடைத்தது. இதைச் சொல்வதால் சிலர் கோபிக்கலாம். விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை என்ற வழக்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பத்தாம் அத்தியாயத்துக்குள் ஜாக் பிரிந்து போய்விடுகிறான். இரவில் வரும் அவன் கூட்டம் சங்கைத் தேடி வந்ததாகவே பிக்கி நினைக்கிறான். அவர்களோ நெருப்பு மூட்ட உதவும் அவன் கண்ணாடியை எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்குச் சங்கு ஒரு பொருட்டே இல்லை என்று இங்கே எழுதத் தோன்றும். அவசரப்படாமல் அடுத்த அத்தியாயத்தையும் படியுங்கள். ரோஜர் உருட்டிய பாறையில் பிக்கியும் சங்கும் ஒருசேர அழிந்ததும், 'சங்கு போய்விட்டது' என்று கத்துகிறவன் ஜாக். அது செல்லாது என்று முதலில் சொன்னவனையும் அந்தச் சங்கு அதுவரை எவ்வளவு கட்டிவைத்திருந்தது என்பதற்கு அந்தக் கத்தலே சான்று. கடைசிப் பத்தியில் அதை மேற்கோளாகக் கொடுங்கள்.