கோமாரிக்கு ஊசி போட்டால் சரியாகுமா? சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்கும் பாலக்கோடு வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்க ஊரு. நாலு வயசுப் பையனுக்கு மூணு நாளா சளி, காய்ச்சல். தண்ணியா ஒழுகின மூக்கு இப்ப மஞ்சளா, கெட்டியா வருது. போன மாசம் எனக்கு இப்படி ஆனப்ப மெடிக்கல்ல அசித்ரோமைசின் கொடுத்தாங்க, மூணே நாள்ல சரியாச்சு. அதையே சிரப்பா வாங்கிக் கொடுக்கலாமா? சளிக்கு அது கேட்காதுன்னு சொல்றாங்க. அப்ப எனக்கு எப்படிக் கேட்டுச்சு? எங்க மாட்டுக்கு மடிநோய் வந்தப்பகூட ஊசி போட்டுத்தானே சரியாச்சு?

பதில்: வேண்டாம்மா, வாங்காதீங்க. உங்கள் கேள்வியிலேயே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள், மாட்டைப் பற்றிப் பேசியதால். எங்கள் வீட்டிலும் கறவை மாடு இருந்தது. அதனால் கட்டுத்தறியிலிருந்தே தொடங்குகிறேன்.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருப்பார். அந்தப் பாலில் உறை ஊற்றிப் பார்த்திருந்தால் தயிர் சரியாகத் தோய்ந்திருக்காது. தயிரைத் தோய்ப்பவை பாக்டீரியாக்கள். பாலில் இறங்கியிருக்கும் ஆன்டிபயாடிக் அவற்றைப் பெருகவிடாது. மடிக்குள் புகுந்து நோயைக் கிளப்பியவையும் பாக்டீரியாக்கள்தான். அதனால்தான் ஊசி கேட்டது.

ஆனால் கோமாரி வந்தால்? அதற்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுகிறார்களே தவிர, வந்த பிறகு கோமாரியைக் கொல்லும் ஊசி என்று எதுவும் இல்லை. காரணம், கோமாரி வைரஸால் வருவது. வந்த மாட்டுக்கும் சில சமயம் ஆன்டிபயாடிக் போடுவார்கள். அது வாயிலும் குளம்பிலும் உண்டான புண்ணில் பாக்டீரியா ஏறிச் சீழ் வைக்காமல் இருக்க. கோமாரிக்காக அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பையன் விஷயத்தில் மறுபடியும் வரும்.

பாக்டீரியா தனிக்குடித்தனம் நடத்தும் உயிர். ஒரே செல்தான் என்றாலும் அதற்குச் சொந்தமாகச் சுவர் உண்டு, உணவைச் செரிக்க வழி உண்டு, புரதம் தயாரிக்க ஒரு பட்டறை உண்டு. அந்தப் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். ஒரு கரண்டி உறை மோர் ராத்திரிக்குள் சட்டிப் பாலையே தயிராக்குகிறது என்றால், அவை பாலிலேயே தின்று, வளர்ந்து, இரண்டிரண்டாகப் பிரிகின்றன என்று பொருள். சளி வைரஸை அதே பாலில் விட்டால் ஒன்று இரண்டாகக்கூட ஆகாது. அதற்குச் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. ஒரு புரத உறைக்குள் மடித்து வைத்த குறிப்புச் சீட்டு மாதிரிதான் அது. அளவிலும் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சிறியது. நம் மூக்கின் உள்தோல் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் பட்டறையிலேயே தன்னை நகலெடுக்க வைக்கும்.

இப்போது மருந்துக்கு வருவோம். அமாக்சிசிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். அசித்ரோமைசின் அதன் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்தும். மனிதச் செல்லுக்கு அப்படிப்பட்ட சுவர் கிடையாது. நம்முடைய ரைபோசோமின் அமைப்பும் வேறு. அதனால்தான் இந்த மருந்துகளை நாம் தைரியமாக விழுங்க முடிகிறது. ஆனால் சளி வைரஸ் பயன்படுத்துவது நம் ரைபோசோமைத்தானே? நம்மைத் தொடாமல் விடுகிற அதே குணத்தால் மருந்து வைரஸையும் தொடாமல் விட்டுவிடுகிறது. டோஸைக் கூட்டினாலும், "ஸ்ட்ராங்கா" இருக்கும் வேறொன்றுக்கு மாற்றினாலும் இதுதான் கதை.

சரி, உங்களுக்கு எப்படிக் கேட்டது? நாளை எண்ணிப் பாருங்கள். சளி பிடித்தால் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சம். பெரும்பாலானவர்கள் அந்த நாளில்தான் பொறுக்க முடியாமல் கடைக்குப் போகிறார்கள். திங்கள்கிழமை தொண்டை கரகரப்பு, புதன்கிழமை மாத்திரை, சனிக்கிழமை தெம்பு. மாத்திரை போடாமல் சுக்குக் காப்பி மட்டும் குடித்திருந்தாலும் அநேகமாக அதே சனிக்கிழமைதான் தெம்பு வந்திருக்கும். இன்னொன்று: கடையில் கொடுக்கும் செட் மாத்திரையில் ஆன்டிபயாடிக் தனியாக வருவது அபூர்வம். கூடவே ஒரு பாராசிட்டமாலும் மூக்கொழுகலை அடக்க ஒரு மாத்திரையும் இருக்கும். காய்ச்சலை இறக்கியது அது, மூக்கைக் காயவைத்தது இது. பேர் மட்டும் அசித்ரோமைசினுக்கு.

மஞ்சள் சளி பற்றிப் படித்தவர்களுக்கும் தப்பான எண்ணம் உண்டு. வைரஸை எதிர்க்க வெள்ளணுக்கள் மூக்கில் குவிகின்றன. அவற்றுக்குள் இரும்புச்சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. அணுக்கள் உடைய உடைய சளி மஞ்சளாகி, பச்சை தட்டும். மூன்றாம் நாளில் இந்த நிறம் வருவது சாதாரணச் சளியின் வழக்கமான போக்கு. நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்ல முடியாது.

கொடுத்தால்தான் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். பையன் குடலில் தயிர்ப் பாக்டீரியா போல நல்லவையும் ஏராளம் உண்டு. மருந்து அவற்றைத் தாக்கும், வயிற்றுப்போக்கு வரும். மருந்துக்கு மசியாத சில மட்டும் தப்பிப் பெருகும். பிறகு நிஜமாகவே அவனுக்கு நிமோனியா வந்தால் அதே மருந்து கேட்காமல் போகலாம். அட்டையில் நீளவாக்கில் சிவப்புக் கோடு போட்டிருப்பதே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம். பையன் 16 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 240. சிரப் 5 மில்லியில் 125 என்றும் 250 என்றும் இரண்டு விதமாக வருகிறது, பாட்டிலைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். 250 என்றால் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது). கொதிக்கும் சட்டியில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். சட்டி கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும், பயப்பட வேண்டாம்.

இனி, கோமாரிப் புண்ணில் சீழ் வைப்பதுபோல, சளிக்குப் பின்னால் பாக்டீரியா ஏறுவதும் உண்டு. அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எப்படித் தெரியும்? குறைந்து வந்த காய்ச்சல் ஐந்தாறு நாளில் திரும்ப ஏறும். காதைப் பிடித்துக்கொண்டு அழுவான். மூக்குச்சளி பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையாது. இதில் எது நடந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று நாளாகக் காய்ச்சல் என்கிறீர்கள், நாளையும் விடவில்லை என்றால் டெங்குவையும் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் அப்போதும் காட்டுங்கள். அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்காதீர்கள்.

அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.