டிடி கேட்டு வங்கிக்கு எப்படி எழுதுவது?

“கல்லூரிக் கட்டணத்துக்கு டிடி எடுக்க வேண்டும். வங்கிக்குக் கடிதம் எழுதியதே இல்லை, எப்படி எழுதுவது?”

டிடி என்பது உங்களிடம் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட பெயருக்கு வங்கியே எழுதித் தரும் வரைவோலை. பேருந்து ஏறும் முன்பே டிக்கெட் எடுப்பது போல. கணக்கில் பணம் இல்லாவிட்டால் காசோலை திரும்பும். இதில் அந்தப் பயம் இல்லை. அதனால்தான் கல்லூரிகள் இதைக் கேட்கின்றன.

கடிதம் இவ்வளவுதான்:

“கிளை மேலாளர் அவர்களுக்கு,
ஐயா/அம்மா, கீழ்க்கண்டவாறு ஒரு டிடி வழங்க வேண்டுகிறேன்.
பெறுநர்: முதல்வர், அரசு கலைக் கல்லூரி, சேலம்
தொகை: ரூ.1,500 (ஆயிரத்து ஐந்நூறு மட்டும்)
மாற்றத்தக்க ஊர்: சேலம்
நோக்கம்: சேர்க்கைக் கட்டணம்
தொகையையும் வங்கிக் கட்டணத்தையும் என் கணக்கில் (எண் ...) எடுத்துக்கொள்ளவும்.”

கீழே பெயர், கையொப்பம், தேதி, கைபேசி எண்.

பெரும்பாலும் சிக்கல் வருவது பெறுநர் பெயரில்தான். அறிவிப்பில் ‘முதல்வர்’ என்று இருந்தால் நீங்களாக ‘கல்லூரி’ என்று சுருக்காதீர்கள். கல்லூரி அதை வாங்காமல் திருப்பிவிடலாம். ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அந்த எழுத்துகளையே அப்படியே எழுதுங்கள். டிடி கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகரும் முன் அதில் உள்ள பெயரையும் சரிபாருங்கள். அப்புறம், 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கணக்கிலிருந்துதான்.

மூன்று மாதம் தாண்டினால் பணம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். காலாவதியாவது தாள்தான், கொடுத்த கிளையில் புதுப்பிக்கலாம் அல்லது ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம்.